ஃபார்முலா விடை தராமல் எழுத்தாகவே நிற்கிறதா? செல்லின் வடிவத்தைக் கண்டுபிடித்துத் திருத்தும் முழுமையான வழிகாட்டி

எக்செல் ஷீட்டின் ஒரு செல்லில் `=C2*D2` என்று தட்டி என்டர் அழுத்துகிறீர்கள். தொகை வர வேண்டிய இடத்தில் `=C2*D2` என்ற அதே எழுத்துகள் அசையாமல் நிற்கின்றன. பிழைச் செய்தி எதுவும் இல்லை. அழித்துவிட்டு மறுபடி தட்டினாலும் அதேதான்.

போடியில் ஏலக்காய்க் கடைகளின் கணக்குகளைப் பார்த்துக் கொடுக்கிறேன். போடிமெட்டு ஏறி இறங்கும் சரக்குக்குப் பட்டியல் எழுதப் புதிதாக வரும் பிள்ளைகள் எல்லோரும் முதல் மாதத்திலேயே இந்த இடத்தில் இடறுகிறார்கள். "அக்கா, சமன் குறி போட்டுத்தான் எழுதினேன், கணக்கு வரவில்லை" என்று வந்து நிற்பார்கள். அவர்கள் எழுதிய ஃபார்முலாவில் தவறு இருக்காது. அது உட்கார்ந்த செல்லின் வடிவம்தான், அதாவது உள்ளே தட்டுவதை எழுத்தாக எடுப்பதா எண்ணாக எடுப்பதா என்று சொல்லும் அமைப்புதான், தவறாக இருக்கும்.

இதைத் திருத்துவது எளிது. ஆனால் வரிசை மாற்றித் திருத்தினால் ஃபார்முலா உயிர்பெற்று, தவறான தொகையைச் சரியான தொகைபோலக் காட்டத் தொடங்கிவிடும். எழுத்தாக நிற்கும் ஃபார்முலாவை யாரும் நம்ப மாட்டார்கள். தவறான தொகையை நம்பிப் பணம் கொடுத்துவிடுவார்கள். அதனால் கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். மெனுப் பெயர்கள் விண்டோஸ் கணினியில் ஆங்கிலத்தில் உள்ள எக்செல்லில் தெரிகிறபடி இருக்கின்றன.

## 1. கை வைப்பதற்கு முன்

கோப்பை வேறு பெயரில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் படிகளில் ஒரு நெடுவரிசை முழுவதையும் ஒரே சொடுக்கில் மாற்றுவோம். அப்போது எது மாறியது என்று ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய கோப்பு வேண்டும்.

ஷீட்டில் ஃபில்டர் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். மறைந்திருக்கும் வரிசைகள் திருத்தத்துக்கு அகப்படாமல் எழுத்தாகவே தங்கிவிடும்.

மூன்றாவது, கால்குலேட்டரை எடுத்து முதல் வரிசையின் தொகையையும் கடைசி வரிசையின் தொகையையும் கையால் போட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். முதல் வரிசை மட்டும் போதாது. ஏன் என்பது 6-ஆம் படியில் விளங்கும்.

இந்தக் கட்டுரை முழுவதும் ஒரே பட்டியலை வைத்துக்கொள்வோம். A-யில் நாள், B-யில் தோட்டம், C-யில் எடை கிலோவில், D-யில் கிலோ விலை, E-யில் சரக்கின் வகையைக் குறிக்கும் எச்.எஸ்.என். எண், F-இல் தொகை. விலைகள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை.

```
வரிசை   C (எடை)   D (விலை)   E       F
2        48.5      2400      0908    =C2*D2
3        52        2350      0908
4        39.5      2500      0908
```

கையால் போட்டால் முதல் வரிசைக்கு 1,16,400 ரூபாய், கடைசி வரிசைக்கு 98,750 ரூபாய். தாளில் இந்த இரண்டும் இருக்கட்டும்.

## 2. ஷீட் முழுவதுமா, சில செல்கள் மட்டுமா?

முதலில் இதைப் பாருங்கள். ஷீட்டில் உள்ள எல்லா ஃபார்முலாக்களும் எழுத்தாகத் தெரிந்து, நெடுவரிசைகளும் வழக்கத்தைவிட அகன்று கிடந்தால், செல்லின் வடிவத்தில் குறை இல்லை. ஃபார்முலாவைக் காட்டும் பார்வை திறந்திருக்கிறது, அவ்வளவுதான். `Formulas` தாவலில் `Show Formulas` பொத்தானை ஒருமுறை அழுத்தினால் விடைகள் திரும்பி வந்துவிடும்.

இதை யாரும் வேண்டுமென்று திறப்பதில்லை. அதன் குறுக்குவிசை `Ctrl` உடன், எண் 1-க்கு இடப்பக்கம் உள்ள விசை. அதே விசையை `Ctrl`, `Shift` இரண்டுடனும் அழுத்தினால் செல்லின் வடிவம் `General` ஆகும். வடிவத்தை மாற்றப் போனவர் `Shift`-ஐ விட்டுவிட்டால் ஷீட் முழுவதும் ஃபார்முலாக்களாக விரிந்துவிடுகிறது. ஒரு செல்லைத் திருத்தப் போய் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டோம் என்று பயந்து கோப்பையே மூடிவிடுகிறார்கள். எதுவும் கெடவில்லை. அதே விசைகளை மறுபடி அழுத்தினால் போதும்.

மற்ற ஃபார்முலாக்கள் எல்லாம் விடை காட்ட, ஒரு நெடுவரிசை மட்டும் எழுத்தாக நின்றால் அடுத்த படிக்கு வாருங்கள்.

## 3. குற்றம் வடிவத்தில்தானா என்று உறுதிசெய்தல்

எழுத்தாக நிற்கும் ஒரு செல்லின் மேல் நில்லுங்கள். `Home` தாவலில் `Number` என்ற பகுதியின் மேலே ஒரு சிறிய பெட்டி இருக்கிறது. அதில் `Text` என்று இருந்தால் காரணம் அகப்பட்டுவிட்டது.

அதில் `General` என்று இருந்தும் ஃபார்முலா எழுத்தாக நின்றால், பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். ஷீட்டுக்கு மேலே உள்ள ஃபார்முலா பட்டையில் சமன் குறிக்கு முன்னால் `'` என்ற ஒற்றை மேற்கோள் நிற்கலாம். அல்லது கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி இருக்கலாம். பட்டையில் சொடுக்கி `Home` விசையை அழுத்தினால் கர்சர் வரியின் தொடக்கத்துக்குப் போகும். அங்கிருந்து சமன் குறி சற்றுத் தள்ளி நின்றால் அது இடைவெளி. இரண்டையும் அழித்துவிட்டு என்டர் அழுத்தினால் சரியாகிவிடும்.

மூன்றாவது வகைதான் நம்மிடம் அதிகம் வருவது. யாரோ ஏற்கெனவே வடிவத்தை `General` ஆக்கிவிட்டு, ஒன்றும் மாறவில்லையே என்று கைவிட்டிருப்பார். அவர் பாதித் திருத்தம் செய்திருக்கிறார். மீதிப் பாதி 5-ஆம் படியில் இருக்கிறது.

ஃபார்முலா பட்டையை மட்டும் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். உயிருள்ள ஃபார்முலாவும் எழுத்தாகிப்போன ஃபார்முலாவும் அந்தப் பட்டையில் ஒரேமாதிரிதான் தெரியும். சந்தேகம் இருந்தால் தள்ளியிருக்கும் ஒரு காலிச் செல்லில் இதைத் தட்டுங்கள்.

```
=ISFORMULA(F2)
```

`FALSE` என்று வந்தால், F2-இல் இருப்பதை எக்செல் ஃபார்முலாவாகவே எடுத்துக்கொள்ளவில்லை என்று பொருள். இது எக்செல் 2013-லும் அதற்குப் பின் வந்தவற்றிலும் வேலைசெய்யும்.

## 4. ஏன் இப்படி நடக்கிறது?

எக்செல் ஒரு செல்லில் நீங்கள் தட்டியது எண்ணா, எழுத்தா, ஃபார்முலாவா என்பதை என்டர் அழுத்தும் அந்த நொடியில் முடிவுசெய்கிறது. வடிவம் `General` ஆக இருந்தால் சமன் குறியைப் பார்த்ததும் இது கணக்கு என்று எடுத்துக்கொள்ளும். `Text` ஆக இருந்தால், தட்டியதை அப்படியே எழுத்தாக வைத்துக்கொள்ளும். அந்தச் செல்லுக்கு இடப்பட்ட கட்டளையே அதுதான். சமன் குறியும் அதற்கு ஓர் எழுத்து.

முடிவான பிறகு நீங்கள் வடிவத்தை மாற்றினால், உள்ளே இருப்பதை எக்செல் மறுபடி எடுத்துப் பார்ப்பதில்லை. எடைமேடையில் லாரி ஏறி இறங்கி, சீட்டும் அடித்தாயிற்று. பிறகு மேடையைச் சரிசெய்தாலும் சீட்டில் உள்ள எடை மாறாது. லாரி இன்னொரு முறை ஏற வேண்டும். செல்லில் அந்த இரண்டாம் ஏற்றம்தான் `F2` விசையும் என்டரும்.

இதன் மறுபக்கத்தையும் அறிந்துகொள்ளுங்கள். ஒழுங்காக விடை காட்டிக்கொண்டிருக்கும் ஒரு ஃபார்முலா செல்லை யாராவது `Text` ஆக மாற்றினால் உடனே ஒன்றும் ஆகாது. விடை அப்படியே தெரியும். பிறகு ஒருநாள் யாரோ அந்தச் செல்லுக்குள் போய், எதையும் திருத்தாமல் என்டர் மட்டும் அழுத்துவார். அந்த நொடியில் அது எழுத்தாகிவிடும். "நேற்று வரை சரியாக இருந்தது, நான் எதையும் தொடவில்லை" என்று சொல்பவரை நம்புங்கள். தவறு வேறொரு நாளில் நடந்திருக்கிறது.

### `Text` வடிவம் எங்கிருந்து வந்தது?

யாரும் தொகை நெடுவரிசைக்கு `Text` வைப்பதில்லை. அது பக்கத்திலிருந்து தொற்றுகிறது.

நம் பட்டியலில் ஏலக்காயின் எச்.எஸ்.என். எண் 0908. மிளகுக்கு 0904, காப்பிக்கு 0901. எல்லாம் சுழியத்தில் தொடங்குகின்றன. சாதாரணச் செல்லில் 0908 என்று தட்டினால் எக்செல் அதை எண்ணாக எடுத்து 908 ஆக்கிவிடும். அதனால் E நெடுவரிசையை `Text` ஆக வைக்கிறோம். அது சரியான செயல்தான்.

பிறகு தொகைக்கு இடம் வேண்டும் என்று E-க்கு வலப்பக்கம் ஒரு புதிய நெடுவரிசையைச் செருகுகிறோம். செருகிய நெடுவரிசை தன் இடப்பக்கத்து நெடுவரிசையின் வடிவத்தை எடுத்துக்கொள்ளும். பார்வைக்கு வெற்றாக இருக்கும் F, பிறக்கும்போதே `Text` ஆகிவிட்டது. புதிதாக வருபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். காலிச் செல் என்றால் வடிவமும் இல்லை என்று நினைக்கிறார்கள்.

இன்னொரு வழியும் உண்டு. `General` ஆக இருக்கும் ஒரு செல்லில் `=E2` என்று `Text` செல்லைச் சுட்டி எழுதினால், எக்செல் அந்தச் செல்லின் வடிவத்தையும் சேர்த்து இழுத்துவருவது உண்டு. முதல் முறை விடை சரியாகவே வரும். ஆனால் `Home` தாவலின் பெட்டியைப் பாருங்கள், `Text` என்று மாறியிருக்கும். அடுத்த முறை உள்ளே போய் என்டர் அழுத்தினால் `=E2` என்ற எழுத்துதான் மிஞ்சும்.

மூன்றாவது வழி, பில் போடும் மென்பொருள் ஏற்றுமதி செய்து தரும் கோப்புகள். அவற்றில் சில, எல்லா நெடுவரிசைகளையும் `Text` ஆகவே தருகின்றன. மலைக்கு அந்தப் பக்கம் கட்டப்பனையிலிருந்து வரும் பட்டியலைத் திறந்து பக்கத்தில் தொகை போட முயலும்போது இதைத்தான் சந்திக்கிறோம்.

## 5. முதல் செல்லை மட்டும் திருத்துதல்

நெடுவரிசை முழுவதையும் ஒரே அடியாகத் திருத்தத் தோன்றும். வேண்டாம். முதலில் வடிவம், பிறகு ஒரே ஒரு செல், அதற்குப் பிறகுதான் மற்றவை.

F நெடுவரிசையின் தலையெழுத்தைச் சொடுக்கி முழு நெடுவரிசையையும் தேர்ந்தெடுங்கள். `Home` தாவலின் பெட்டியில் `General` என்று மாற்றுங்கள். முழு நெடுவரிசையையும் மாற்றச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இப்போது காலியாக இருக்கும் 50-ஆவது வரிசையில் நாளை ஒருவர் கூட்டுத்தொகை எழுதுவார். அந்தச் செல்லும் `Text` ஆக இருந்தால் இதே கதை அங்கே தொடங்கும்.

இந்த நிலையில் திரையில் எதுவும் மாறியிருக்காது. மாறக் கூடாது. 4-ஆம் படியில் சொன்னதுபோல, வடிவ மாற்றம் பழைய முடிவைத் திருப்பிப் பார்ப்பதில்லை. பாதிப் பேர் கைவிடுவது இந்த இடத்தில்தான்.

இப்போது F2 செல்லுக்குப் போய், விசைப்பலகையில் `F2` விசையை அழுத்துங்கள். செல்லின் பெயரும் விசையின் பெயரும் ஒன்றாக அமைந்தது இந்த எடுத்துக்காட்டில் தற்செயல். எந்தச் செல்லானாலும் விசை அதேதான். மடிக்கணினியில் அந்த விசை ஒலியையோ ஒளியையோ மாற்றினால் `Fn` உடன் சேர்த்து அழுத்துங்கள், அல்லது செல்லை இருமுறை சொடுக்குங்கள். எதையும் திருத்தாமல் என்டர் அழுத்துங்கள்.

F2-இல் 116400 என்று வரும். தாளில் எழுதிவைத்த தொகையோடு ஒப்பிடுங்கள். எண் செல்லின் வலப்பக்கம் ஒட்டி நிற்பதையும் பாருங்கள். நீங்களாகச் சீரமைப்பை மாற்றாதவரை எழுத்து இடப்பக்கமும் எண் வலப்பக்கமும் நிற்கும். கண்ணை ஓட்டிப் பிழை தேட இது பெரிய துணை.

## 6. மற்ற வரிசைகள்: இங்கேதான் பணம் போகிறது

மேலே பட்டியலில் F3, F4-ஐ நிரப்பிக் காட்டவில்லை. அவற்றிலும் ஃபார்முலாக்கள் இன்னும் எழுத்தாக நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அவற்றையும் ஒவ்வொன்றாக `F2`, என்டர் என்று உயிர்ப்பிக்கலாமே என்று தோன்றும். அதற்கு முன் அந்தச் செல்களில் என்ன எழுதியிருக்கிறது என்று நிதானமாகப் படியுங்கள்.

பட்டியல் எழுதியவர் F2-இல் `=C2*D2` தட்டியிருப்பார். அது எழுத்தாக நின்றதைக் கவனிக்காமல், செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறிய சதுரத்தைப் பிடித்துக் கீழே இழுத்திருப்பார். ஃபார்முலாவை இழுத்தால் எக்செல் இரண்டு செல்களின் எண்ணையும் மாற்றி `=C3*D3` என்று எழுதும். ஆனால் இங்கே இழுபட்டது ஃபார்முலா அல்ல, எண்ணில் முடியும் ஓர் எழுத்துத் தொடர். "மூட்டை 1" என்று எழுதி இழுத்தால் "மூட்டை 2", "மூட்டை 3" என்று வருமே, அதேபோல எக்செல் கடைசி எண்ணை மட்டும் ஒன்றொன்றாகக் கூட்டிவிடும்.

```
F2   =C2*D2
F3   =C2*D3
F4   =C2*D4
```

C2 மூன்று வரிசையிலும் அப்படியே நிற்பதைப் பாருங்கள். இதை அப்படியே உயிர்ப்பித்தால் எல்லா வரிசையிலும் முதல் தோட்டத்தின் 48.5 கிலோதான் பெருக்கப்படும். மூன்றாம் வரிசைக்கு 1,22,200 வர வேண்டிய இடத்தில் 1,13,975 வரும். நான்காம் வரிசைக்கு 98,750-க்குப் பதில் 1,21,250 வரும். ஒரு தோட்டக்காரருக்கு 8,225 ரூபாய் குறைகிறது. இன்னொருவருக்கு 22,500 ரூபாய் கூடிவிடுகிறது. மொத்தம் 3,37,350 ஆக இருக்க வேண்டியது 3,51,625 என்று நிற்கும்.

முதல் வரிசை மட்டும் சரியாக இருக்கும். சோதிப்பவர்கள் பெரும்பாலும் முதல் வரிசையைத்தான் சோதிக்கிறார்கள். கடைசி வரிசையையும் தாளில் எழுதச் சொன்னது அதற்காகத்தான். நான் பார்த்த ஒரு கடையில் இது இரண்டு வாரம் யார் கண்ணிலும் படவில்லை. தொகை குறைந்த தோட்டக்காரர் தன் துண்டுச்சீட்டோடு வந்து நின்றபோதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து இந்தப் படியை விளக்காமல் நான் யாரையும் கணக்கில் உட்கார வைப்பதில்லை.

இழுக்காமல், நகலெடுத்து ஒட்டியிருந்தால் நிலைமை வேறு. அப்போது எல்லா வரிசையிலும் `=C2*D2` என்றே இருக்கும். உயிர்ப்பித்தால் ஊர் முழுவதற்கும் 1,16,400 ரூபாய். அது கண்ணில் பட்டுவிடும் என்பதால் ஆபத்து குறைவு.

சரியான முறை இதுதான். உயிர்பெற்ற F2-ஐத் தேர்ந்தெடுத்து, அதன் மூலைச் சதுரத்தைப் பிடித்து F4 வரை இழுங்கள். பழைய எழுத்துகளின் மேலேயே புதிய ஃபார்முலா எழுதப்பட்டுவிடும். பிறகு கடைசிச் செல்லின் மேல் நின்று ஃபார்முலா பட்டையைப் படியுங்கள். `=C4*D4` என்று இருக்க வேண்டும். தொகை தாளில் உள்ள 98,750-உடன் ஒத்துப்போக வேண்டும்.

## 7. ஒவ்வொரு வரிசையிலும் ஃபார்முலா வேறு வேறாக இருந்தால்

சில பட்டியல்களில் மேலிருந்து இழுக்க முடியாது. ஒரு தோட்டத்துக்குச் சாக்கின் எடையைக் கழித்து `=(C3-0.5)*D3` என்றும், இன்னொன்றுக்கு வெறும் `=C4*D4` என்றும் கையால் தட்டியிருப்பார்கள். அவற்றை அழித்தால் வேலை வீணாகும். அவை கையால் தட்டப்பட்டவைதான், இழுக்கப்பட்டவை அல்ல என்று கண்ணால் படித்து உறுதிசெய்த பிறகு, மொத்தமாக உயிர்ப்பிக்கலாம்.

வடிவத்தை `General` ஆக்கிய பின், அந்த நெடுவரிசையின் செல்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். `Ctrl` உடன் `H` அழுத்துங்கள். `Find what` என்ற இடத்தில் `=`, `Replace with` என்ற இடத்திலும் `=` தட்டி, `Replace All` கொடுங்கள். சமன் குறியைச் சமன் குறியாலேயே மாற்றுவது பொருளற்ற செயலாகத் தோன்றும். ஆனால் மாற்றும்போது எக்செல் ஒவ்வொரு செல்லையும் புதிதாகத் தட்டியதுபோல உள்ளே வாங்குகிறது. `F2`, என்டர் என்று நூறு முறை அழுத்துவதற்கு இது சமம்.

வடிவத்தை மாற்றாமல் இதைச் செய்தால் பயன் இல்லை. செல்கள் `Text` ஆகவே இருந்தால் மறுபடியும் எழுத்தாகவே உள்ளே போகும். அதேபோல, செல்களைத் தேர்ந்தெடுக்காமல் ஒரே ஒரு செல்லில் நின்றுகொண்டு `Replace All` கொடுத்தால் ஷீட் முழுவதும் தொடப்படும்.

`Data` தாவலில் உள்ள `Text to Columns` வழியாகவும் இதைச் செய்வார்கள். `Delimited` தேர்ந்தெடுத்து, அடுத்த பக்கத்தில் எல்லாப் பிரிப்புக் குறிகளின் டிக்கையும் எடுத்துவிட்டு, அதற்கடுத்த பக்கத்தில் `General` வைத்து `Finish` கொடுக்க வேண்டும். நான் இதைப் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை. `Comma` டிக் போடப்பட்டிருந்தால் `IF` போன்ற ஃபார்முலாக்கள் காற்புள்ளி உள்ள இடங்களில் துண்டாகிப் பக்கத்து நெடுவரிசைகளில் விழும். எக்செல்லைத் திறந்தபின் முன்பு செய்த பிரிப்பின் டிக்குகள் அப்படியே நினைவில் நிற்பதும் உண்டு.

## 8. எண்களும் எழுத்தாக இருக்கிறதா என்று பாருங்கள்

தொகை நெடுவரிசைக்கு வந்த நோய், எடை நெடுவரிசைக்கும் வந்திருக்கலாம். ஏற்றுமதிக் கோப்புகளில் இது மிகவும் சகஜம். இங்கே சிக்கல் என்னவென்றால், `=C2*D2` அப்போதும் சரியான விடை தரும். பெருக்கல் குறியைப் பார்த்தவுடன் எக்செல் அந்த எழுத்தை எண்ணாக மாற்றிப் பெருக்கிவிடுகிறது.

ஆனால் `SUM` அப்படிச் செய்யாது. ஒரு வீச்சில் உள்ள எழுத்துகளை அது தாண்டிப் போய்விடும். வரிசைத் தொகைகள் எல்லாம் சரியாக இருக்க, மொத்த எடை மட்டும் சுழியம் என்று நிற்கும். எழுத்தாகச் சில செல்கள் மட்டும் கலந்திருந்தால் மொத்தம் குறைவாக வரும். அது சுழியத்தைவிடக் கொடியது, ஏனென்றால் யாருக்கும் தோன்றாது.

அடையாளம், செல்லின் இடது மேல் மூலையில் ஒரு சிறிய பச்சை முக்கோணம். எண் இடப்பக்கம் ஒட்டி நிற்பதும் அடையாளம்தான். C நெடுவரிசையின் செல்களைத் தேர்ந்தெடுத்து, அருகில் தோன்றும் எச்சரிக்கைக் குறியைச் சொடுக்கி `Convert to Number` கொடுங்கள்.

அதே முக்கோணம் E நெடுவரிசையிலும் இருக்கும். அதைத் தொடாதீர்கள். அங்கே `Convert to Number` கொடுத்தால் 0908 எல்லாம் 908 ஆகிவிடும். எண் எழுத்தாக இருக்க வேண்டிய ஒரே நெடுவரிசை அதுதான். முக்கோணம் கண்ணை உறுத்தினால் `Ignore Error` கொடுங்கள்.

## 9. எல்லாம் உயிர்பெற்றதா என்று எண்ணிப் பார்த்தல்

இருநூறு வரிசைப் பட்டியலில் ஒன்றிரண்டு செல்கள் எழுத்தாகவே தங்கிவிடலாம். கண்ணால் தேட வேண்டாம். ஒரு காலிச் செல்லில் இதை எழுதுங்கள்.

```
=SUMPRODUCT(--ISFORMULA(F2:F4))
```

வரும் எண், பட்டியலின் வரிசை எண்ணிக்கையோடு ஒத்துப்போக வேண்டும். நம் எடுத்துக்காட்டில் 3. இரண்டு என்று வந்தால் ஒரு செல் இன்னும் எழுத்தாகவோ, யாரோ கையால் தட்டிய தொகையாகவோ இருக்கிறது. இரண்டையும் கண்டுபிடிக்க வேண்டியதுதான்.

அதன் பிறகு `=SUM(F2:F4)` எழுதுங்கள். 337350 வர வேண்டும்.

## 10. மறுபடி வராமல் ஷீட்டை அமைத்தல்

எச்.எஸ்.என். நெடுவரிசையைத் தொகைக்கு உடனே இடப்பக்கம் வைக்காதீர்கள். தோட்டத்தின் பெயருக்குப் பக்கத்தில், B-க்கு அடுத்ததாக வையுங்கள். அப்போது தொகைக்கு எப்போது நெடுவரிசை செருகினாலும் அதன் இடப்பக்கம் விலை இருக்கும், எண் வடிவம்தான் தொற்றும்.

`Text` நெடுவரிசைக்குப் பக்கத்தில் செருகித்தான் ஆக வேண்டும் என்றால், செருகியவுடன் அருகில் ஒரு சிறிய தூரிகைக் குறி தோன்றும். அதைச் சொடுக்கி `Clear Formatting` கொடுத்துவிட்டுப் பிறகு தட்டத் தொடங்குங்கள். அந்தக் குறி அடுத்த வேலை தொடங்கியதும் மறைந்துவிடும், எனவே செருகிய கையோடு செய்ய வேண்டும்.

சுழியம் போய்விடுகிறது என்பதற்காக ஷீட் முழுவதையும் தேர்ந்தெடுத்து `Text` ஆக்குபவர்கள் இருக்கிறார்கள். சுழியம் காப்பாற்றப்படும், ஆனால் அதற்குப் பிறகு அந்த ஷீட்டில் தட்டும் ஒரு ஃபார்முலாவும் கணக்குப் போடாது. அப்படி ஒரு கோப்பு உங்கள் கைக்கு வந்தால் எச்.எஸ்.என். நெடுவரிசையையும், சுழியத்தில் தொடங்கக்கூடிய வேறு எண் நெடுவரிசை இருந்தால் அதையும் விட்டுவிட்டு, மற்றவற்றை `General` ஆக்குங்கள். பிறகு 5-ஆம் படியிலிருந்து தொடங்குங்கள்.